பயிற்சி மாணவருக்கு உடை பற்றி ஒரு குறிப்பு: புதிதாக மேற்பார்வைக்கு வந்தவர்களுக்கு

அடுத்த மாதம் பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு மாணவர் உங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிறார், நீங்கள்தான் அவருடைய மேற்பார்வையாளர் என்று மேலிடம் சொல்லிவிட்டது. என்ன வேலை கொடுப்பது, யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதெல்லாம் எப்படியோ பிடிபட்டுவிடும். உடை பற்றி எப்படிச் சொல்வது என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறோம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பெர்முடாவும் சிலிப்பருமாக வந்து நிற்பார், அப்புறம் இரண்டு பேருக்கும் சங்கடம். கறாராக எழுதி அனுப்பினால் வருவதற்கு முன்பே பயந்துபோய், முதல் இரண்டு வாரம் சந்தேகம் கேட்கக்கூட வாய் திறக்க மாட்டார்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு சிறிய கணக்கியல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்: நகைக்கடை, மளிகைக்கடை, உணவகம், சில கோயில்கள். இந்தக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது கையில் இருந்தது ஊழியர் கையேட்டின் ஒரு பக்கம் மட்டுமே. அதை எப்படி மனிதப் பேச்சாக மாற்றுவது என்று சொல்லித்தர ஆளில்லை. பல மாணவர்கள் வந்து போன பிறகு ஒரு வடிவம் தேறியிருக்கிறது. அதைத்தான் கீழே தருகிறேன்.

1. முதலில் கையேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று, ஊழியர் கையேட்டில் உடை பற்றிய பகுதி. இன்னொன்று, மாணவருக்கு நிறுவனம் அனுப்பிய நியமனக் கடிதம். சில நிறுவனங்கள் கடிதத்திலேயே உடை பற்றி ஒரு வரி சேர்த்துவிடும். கடிதம் ஒன்று சொல்லி நீங்கள் வேறு சொன்னால் மாணவர் யாரை நம்புவார்? மாணவரின் கல்லூரியும் பயிற்சிக்கென்று ஒரு கையேடு கொடுத்திருக்கலாம். மனிதவளத்தில் கேட்டால் கிடைக்கும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் நம் சொந்த ரசனையும் விதி வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடும். எங்கள் கையேட்டில் இருப்பது இவ்வளவுதான்: காலர் உள்ள சட்டை அல்லது அதற்கு இணையான மேலாடை, முழங்காலுக்குக் கீழ் வரும் கீழாடை, மூடிய காலணி, ஜீன்ஸ் வெள்ளிக்கிழமை மட்டும். முடிக்குச் சாயம் பூசுவது, மூக்குத்தி, பச்சை குத்துவது, தாடி என எதைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. கையேட்டில் இல்லாததைக் குறிப்பில் எழுதாதீர்கள். "முடி கறுப்பாக இருந்தால் நன்றாக இருக்கும்" என்று உங்களுக்குத் தோன்றலாம். அது உங்கள் கருத்து. விதியாக வேண்டுமென்றால் மனிதவளத்தில் பேசி எல்லா ஊழியருக்கும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பயிற்சி மாணவர் மேல் மட்டும் அதைச் சோதித்துப் பார்ப்பது நியாயமில்லை.

2. அவர் எங்கெல்லாம் போவார் என்று யோசியுங்கள்

குறிப்பின் தரம் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. "ஸ்மார்ட் கேஷுவலில் வரவும்" என்று ஒரு வரி அனுப்பினால் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. எந்த நாளில் எந்த இடத்தில் என்ன வேலை என்று சொன்னால், எதை உடுத்துவது என்பது பாதி தானாகவே விளங்கிவிடும்.

எங்கள் மாணவர்களுக்கு நான்கு வகையான நாட்கள் உண்டு. பெரும்பாலான நாட்கள் அலுவலகத்தில், கணினி முன்னால். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே ஏர்கான். ஏர்கானை 25 டிகிரியில் வையுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் யாரோ எப்போதும் குறைத்து வைத்துவிடுகிறார்கள். புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் இருக்கையும் யாருக்கும் வேண்டாத, காற்று நேராகத் தலையில் விழும் இருக்கைதான். அதனால் "ஒரு ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள்" என்ற வரி, உடை விதிகள் எல்லாவற்றையும்விட அவருக்கு உதவியானது.

இரண்டாவது, வாடிக்கையாளர் கடைக்குப் போகும் நாள். நகைக்கடை முதலாளி ரசீதுகளை ஒரு பெட்டியில் கொட்டிக் கொடுப்பார். மாணவர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பிரிப்பார். அங்கே அவர் எங்கள் நிறுவனத்தின் முகம். ஜீன்ஸ் நாளான வெள்ளிக்கிழமையில் இந்த வேலை வந்தால் ஜீன்ஸ் வேண்டாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "வெள்ளிக்கிழமை போடலாம் என்றுதானே எழுதியிருந்தீர்கள்?" என்று கேட்பார். கேட்பதும் சரியே.

மூன்றாவது, ஸ்டாக் டேக். மளிகைக் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று எண்ண வேண்டும். நல்ல சட்டை அங்கே வீணாகிவிடும். டி-சட்டை, ஜீன்ஸ், அடி வழுக்காத மூடிய காலணி போதும். ஆனால் மீன், இறைச்சி இருக்கும் ஃப்ரீசர் அறை மைனஸ் 18 டிகிரி. பத்து நிமிடம் உள்ளே நின்றால் விரல் மரத்து பேனா பிடிக்க முடியாது. கனமான ஜாக்கெட்டும் கையுறையும் வாடிக்கையாளரிடம் இருக்கின்றனவா என்று நீங்கள்தான் தொலைபேசியில் கேட்டு வைக்க வேண்டும். கிடங்கில் பாதுகாப்புக் காலணி கட்டாயம் என்றால் அதையும் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவரை வாங்கச் சொல்லக் கூடாது.

நான்காவது, கோயில் கணக்கு. வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும், ஒரு நாளில் நாலைந்து முறை உள்ளே வெளியே போய்வர வேண்டியிருக்கும். நாடா கட்டும் காலணியோடு வருபவர் ஒவ்வொரு முறையும் படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பார். சட்டெனக் கழற்றி மாட்டும் காலணி நல்லது. காலுறையில் ஓட்டை இல்லாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய விஷயம் இது.

உங்கள் நிறுவனத்தில் இடங்கள் வேறாக இருக்கும். ஆனால் முதல் குறிப்பில் இவற்றையெல்லாம் கொட்டிவிடாதீர்கள். அலுவலக நாளுக்கு உள்ளதை மட்டும் சொல்லி, மற்றவை அந்தந்த நாளுக்கு முன்னால் தனியாக வரும் என்று ஒரு வரி போதும்.

3. செலவை நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள்

இதை மேற்பார்வையாளர்கள் அநேகமாகச் செய்வதில்லை. குறிப்பில் நாம் சொல்வதையெல்லாம் ஒரு மாணவர் புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும்? கடைத்தொகுதி விலையில் கால்சட்டை ஒன்று 40 வெள்ளி என்று வைத்து இரண்டு, சட்டை ஒன்று 30 வெள்ளி என்று வைத்து மூன்று, காலணி 50 வெள்ளி. மொத்தம் 220 வெள்ளி. நாங்கள் பயிற்சி மாணவருக்குத் தருவது மாதம் 800 வெள்ளி, அதுவும் மாதக் கடைசியில். ஆக, முதல் மாதச் செலவு முழுவதும் அப்பா அம்மா கையிலிருந்துதான் வரும். எல்லா வீட்டிலும் அது எளிதல்ல, அதை மாணவர் நம்மிடம் சொல்லவும் மாட்டார்.

அதனால் முதல் மாதத்துக்கு, ஏற்கெனவே அவரிடம் இருப்பதைக் கொண்டே சமாளிக்க முடிகிற மாதிரி குறிப்பை எழுதுங்கள். பாலி மாணவர்கள் வகுப்பில் பிரசென்டேஷன் செய்பவர்கள். கறுப்புக் கால்சட்டை ஒன்றும் வெளிர்நிறச் சட்டை ஒன்றிரண்டும் பெரும்பாலானவர்களிடம் இருக்கும். கறுப்பு ஸ்னீக்கரை மூடிய காலணியாக ஏற்றுக்கொள்ள முடியுமா என்று மனிதவளத்தில் கேளுங்கள். எங்களிடம் "சரி" என்றார்கள், அந்த ஒரு சொல்லில் 50 வெள்ளி மிச்சம். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பையன்கள் கதை வேறு. தேசிய சேவைக்குப் போய்வந்த பிறகு பழைய சட்டை எதுவும் தோளில் ஏறாது. அவர்களுக்குத் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள துணிக்கடைகளையும் தையல்காரர்களையும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவேன். எழுத்தில் கடைப்பெயர் போட்டால் அங்கே வாங்கியே ஆக வேண்டும் என்பதுபோல் ஆகிவிடும்.

ஒரே சட்டையை வாரத்தில் இரண்டு முறை போட்டால் பரவாயில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நமக்கு அது சாதாரணம். இரண்டே சட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த வரி பெரிய நிம்மதி.

4. சமயம் சார்ந்தவற்றை அவர் கேட்கும்வரை விட்டுவைக்காதீர்கள்

பொட்டு, திருநீறு, கையில் கட்டிய கயிறு, தூடோங், சீக்கியரின் தலைப்பாகை, காப்பு எல்லாம் அணியலாம் என்றால் முதல் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மாணவர் தானாக வந்து "இதைப் போடலாமா?" என்று கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ள வேண்டாம். தைப்பூச மாதத்தில் மாலை போட்டிருப்பார்கள், சிலர் மொட்டை அடித்திருப்பார்கள். அதற்கும் இந்த ஒரு வரியே போதும்.

இங்கே உங்கள் விருப்பத்துக்கு அதிக இடமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உடை விதி வைக்கும் முதலாளிகள் ஊழியரின் சமய, பண்பாட்டு உணர்வுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும், கட்டுப்பாடு இருந்தால் அதற்கு வேலை சார்ந்த காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியின் நிலைப்பாடு. சீருடைக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த பொதுச் சுகாதாரத் துறையிலேயே, 2021 நவம்பர் 1 முதல் தாதியர் சீருடையோடு தூடோங் அணியலாம் என்றாகிவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும் சமயம், இனம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுப்பதற்காக வந்ததுதான். கிடங்கில் இயந்திரம் ஓடுகிறது, தொங்கும் துணியோ நகையோ சிக்கிக்கொள்ளும் என்றால் அது வேலை சார்ந்த காரணம். "வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ" என்பது காரணமாக நிற்காது.

5. எப்போது அனுப்புவது

வேலையில் சேரும் திங்கள்கிழமைக்கு முந்தைய வியாழன் அல்லது வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு சனி, ஞாயிறு கிடைக்கும், ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் வாங்கிக்கொள்வார். ஞாயிறு இரவு பத்து மணிக்கு அனுப்பிய குறிப்பு எவ்வளவு அன்பாக இருந்தாலும் மிரட்டல்தான்.

மின்னஞ்சலில் அனுப்புங்கள், மனிதவளத்துக்கு நகலும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் "மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்று சொன்னால் போதும். ஒரே நேரத்தில் மூன்று மாணவர்கள் வந்தால் மூன்று பேருக்கும் ஒரே குறிப்பு போக வேண்டும். பெண்ணுக்கு ஒரு மாதிரி, பையனுக்கு ஒரு மாதிரி எழுதத் தொடங்கினால், பெண்ணுக்கான குறிப்பு மட்டும் நீண்டுகொண்டே போவதைப் பார்ப்பீர்கள்.

6. எழுதும்போது

"நீங்கள்" என்றே எழுதுங்கள். நேரில் "தம்பி", "தங்கச்சி" என்று கூப்பிட்டாலும், எழுத்தில் அது வீட்டுப் பெரியவர் அறிவுரை சொல்வதுபோல் ஒலிக்கும். "கூடாது", "தடை", "கண்டிப்பாக" ஆகியவற்றை எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் குறிப்பில் ஒரு முறைகூட இல்லை, ஆனால் கையேட்டின் விதிகள் அனைத்தும் இருக்கின்றன. எது சரி என்பதைச் சொல்லிவிட்டால் எது சரியில்லை என்பதைத் தனியாகச் சொல்லும் தேவை பெரும்பாலும் இருக்காது.

துணியைப் பற்றி எழுதுங்கள், உடம்பைப் பற்றி வேண்டாம். "இறுக்கமாக", "கவர்ச்சியாக", "அடக்கமாக" ஆகிய சொற்கள் படிப்பவரை ஒருவர் உற்றுப் பார்ப்பதுபோல் உணரவைக்கும். நீளம், காலர், காலணி என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

இதோ நாங்கள் அனுப்பும் குறிப்பு. பெயரையும் நேரத்தையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

> வணக்கம்.
>
> அடுத்த வாரம் திங்கள்கிழமை முதல் எங்களோடு வேலை செய்யப்போகிறீர்கள், மகிழ்ச்சி. என்ன உடுத்திக்கொண்டு போவது என்ற யோசனை எல்லாருக்கும் வரும் என்பதால் முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.
>
> இங்கே நாங்கள் காலர் வைத்த சட்டை அல்லது பிளவுஸ், முழுநீளக் கால்சட்டை அல்லது முழங்காலுக்குக் கீழ் வரும் ஸ்கர்ட் என்று வருவோம். பஞ்சாபி சூட், சேலை, ஜிப்பா எல்லாமே சரி. டை, கோட்டு தேவையில்லை, நானும் கட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் போடலாம்.
>
> காலுக்கு மூடிய காலணி. கறுப்பு ஸ்னீக்கர் இருந்தால் அதுவே போதும். மழை நாளில் சிலிப்பரில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம், மேசைக்கு அடியில் வைக்க இடம் இருக்கிறது.
>
> பாலியில் பிரசென்டேஷனுக்குப் போட்ட உடைகள் இருந்தால் அவற்றையே போடுங்கள், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். ஒரே சட்டையை வாரத்தில் இரண்டு முறை போட்டாலும் பரவாயில்லை. நாங்களும் அப்படித்தான்.
>
> உங்கள் சமயத்துக்கும் வழக்கத்துக்கும் உரிய எதையும் அணிந்தபடியே வரலாம். விரதம், நோன்பு நாட்களில் ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.
>
> உங்கள் இருக்கை கொஞ்சம் குளிரும். ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்து நாற்காலியிலேயே விட்டுவிடுங்கள்.
>
> கடைகளுக்கோ கோயில்களுக்கோ போகும் நாட்களில் உடை சற்று மாறும். அதை மூன்று நாள் முன்பே சொல்லிவிடுவேன்.
>
> எது பற்றியாவது சந்தேகம் இருந்தால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். திங்கள் காலை 9 மணிக்குப் பார்ப்போம்.

கடைசிக்கு முந்தைய வரியில் "எழுதிக் கேளுங்கள்" என்று இருப்பதைக் கவனியுங்கள். "படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று நல்லெண்ணத்தில் எழுதுபவர்கள் உண்டு. வேண்டாம். மாணவர் உடையணிந்து எடுத்த படம் மேற்பார்வையாளரின் கைப்பேசியில் இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

7. குறிப்பு போன பிறகும் சரியில்லை என்றால்

முதல் நாளே கண்டிக்க வேண்டாம். திருப்பி அனுப்பவே வேண்டாம். அன்று அவர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டு வந்திருப்பார். மாலையில் எல்லாரும் கிளம்பும் நேரத்தில், தனியாக, ஒரே வாக்கியம்: "நாளையிலிருந்து மூடிய காலணி போட்டு வாருங்கள், சரியா?" அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். மறுநாளும் அதே சிலிப்பர் என்றால் வீட்டில் வேறு காலணி இல்லையோ என்று யோசியுங்கள், பிடிவாதம் என்று நினைப்பதற்கு முன். "வாங்க நேரம் வேண்டுமா?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

ஆண் மேற்பார்வையாளர்கள் பெண் மாணவரிடம் சொல்லத் தயங்கி, பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் "நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஒப்படைப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அக்காவிடம் போகும்போது விஷயம் "சார் உன்னைக் கவனித்தாராம்" என்று மாறிவிடும். சொல்ல வேண்டியது கையேட்டில் உள்ள ஒரு விதி என்றால், பையனிடம் சொல்லும் அதே வாக்கியத்தை அவரிடமும் நேராகச் சொல்லலாம். உடம்பைக் குறிப்பிடாமல் அந்த வாக்கியத்தை அமைக்க முடியவில்லையா? அப்படியானால் மீறப்பட்டது விதிதானா என்று கையேட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது, நீங்கள் பேசாமல் இருந்துவிடலாம்.

8. வெளிவேலைக்கான சின்னக் குறிப்பு

இதற்கு வாட்ஸ்அப் போதும், ஆனால் முதல் குறிப்பில் வாக்குக் கொடுத்தபடி மூன்று நாள் முன்பே போக வேண்டும். உள்ளூர்க் கடைகள் பலவற்றுக்கு டிசம்பர் 31இல் கணக்காண்டு முடிவதால், அந்தச் சமயத்தில் ஸ்டாக் டேக் வரிசையாக வரும். எங்கள் குறிப்பு இப்படி இருக்கும்: "புதன்கிழமை ஸ்டாக் டேக். டி-சட்டை, ஜீன்ஸ், அடி வழுக்காத ஸ்னீக்கர். தூசியாக இருக்கும், நல்ல துணி வேண்டாம். ஃப்ரீசருக்கு ஜாக்கெட்டும் கையுறையும் அங்கேயே தருவார்கள். முடிய இரவு எட்டாகலாம், சாப்பாடு நிறுவனச் செலவு." அனுப்புவதற்கு முன் கடைக்காரரை அழைத்து, ஜாக்கெட் எத்தனை இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஒரே ஒரு ஜாக்கெட்தான் இருக்கும். அப்படியென்றால் ஃப்ரீசருக்குள் நீங்கள் போங்கள், மாணவர் வெளியே நின்று எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளட்டும்.